2024 ஜூன் 4: நிஃப்டியில் வந்தது ஐலண்ட் ரிவர்சலா?

கவின்_ஈரோடு

தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 சார்ட்டை ஒரு வகுப்பில் ஐலண்ட் ரிவர்சல் என்று காட்டினார்கள், அதாவது இரண்டு பக்கமும் விலை தாவிய இடைவெளி, கேப், விட்டுத் தீவு மாதிரி தனியாக நிற்கும் கேண்டில். முந்தின நாள் கேண்டில் தனியாக மேலே நிற்கிறது, அடுத்த நாள் பெரிய சரிவு. ஆனால் மூன்றே நாளில் நிஃப்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஐலண்டும், புதிய உச்சமோ தாழ்வோ தொட்டு அன்றைக்கே எதிர்ப்பக்கம் திரும்பி முடியும் கீ ரிவர்சலும் அபூர்வம், வந்துவிட்டால் டிரெண்ட் திரும்பிவிடும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

---

சார்ட்பித்தன்

ஐலண்ட்தான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். ஜூன் 3 கேப் அப், ஜூன் 4 அன்னைக்கு 1,379 பாயின்ட் அடி. கூட்டணி ஆட்சி அமைஞ்சிடும்னு தெரிஞ்சதும் மார்க்கெட் திரும்பிடுச்சு, அதனால பேட்டர்ன் ஃபெயில் ஆச்சு. அதுக்காகப் பேட்டர்னைக் குறை சொல்லக் கூடாது. வருஷத்துக்கு ஒண்ணு கூட வராது, ஆனா வந்தா அதோட பலமே தனி. கீ ரிவர்சலும் அப்படித்தான். 2020 மார்ச் 13 எடுத்துப் பாருங்க. காலையில 10% லோயர் சர்க்யூட், சாயங்காலம் பச்சையில முடிஞ்சது. அதுக்கப்புறம் பத்து நாள்ல கொரோனா பாட்டம் வந்துடுச்சு.

---

நிதானம்

கவின், அது ஐலண்ட் இல்லை. எண்களை எடுத்து வைத்தாலே தெரிந்துவிடும்.

மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டியின் உச்சம் ஏறத்தாழ 22,654. ஜூன் 3 திங்கட்கிழமை தொட்ட தாழ்வே 23,062. நடுவில் 400 பாயின்டுக்கு மேல் ஒரு வர்த்தகம்கூட நடக்காத இடைவெளி. ஆக, முதல் கேப் உண்மையானது. ஆனால் ஜூன் 4 காலையில் நிஃப்டி திறந்தது 23,180 பக்கத்தில். அது முந்தின நாள் கேண்டிலுக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து 21,281 வரை இறங்கியது, ஒவ்வொரு விலையிலும் வர்த்தகம் நடந்துதான் இறங்கியது. இரண்டாவது கேப் கிடையாது. குளோசிங் விலையை மட்டும் கோடாக இழுக்கும் சார்ட்டில் ஜூன் 3 ஒற்றையாகத் துருத்திக்கொண்டு தெரியும், வகுப்பில் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். கேண்டில் சார்ட்டில் இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன.

கீ ரிவர்சலும் இல்லை. அதற்கு அன்றைய உச்சம் முந்தைய உச்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஜூன் 3 உச்சம் 23,338, ஜூன் 4 அதைத் தொடவே இல்லை. அன்று நடந்தது வெறும் பெரிய சரிவு, அவ்வளவுதான்.

இது ஏன் ஐலண்ட் ஆகவில்லை என்று பார்த்தால், உங்கள் 'அபூர்வம்' கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. எக்ஸிட் போல் வந்தது சனிக்கிழமை மாலை. சந்தை மூடியிருந்தது, அதனால் திங்கட்கிழமை கேப். வாக்கு எண்ணிக்கை நிலவரம் வந்தது செவ்வாய்க்கிழமை, சந்தை திறந்திருக்கும்போது. வர்த்தக நேரத்தில் வரும் செய்திக்கு விலை படிப்படியாகத்தான் இறங்கும், தாவ முடியாது. ஐலண்ட் உருவாக வேண்டுமானால் ஏற்றிவிடும் செய்தியும் சந்தை மூடியிருக்கும்போது வர வேண்டும், கவிழ்க்கும் செய்தியும் மூடியிருக்கும்போது வர வேண்டும். அதோடு இரண்டு தாவலும் ஏறத்தாழ ஒரே விலைப் பகுதியில் நடக்க வேண்டும், அன்று மாலை வரை இரண்டும் நிரம்பாமல் இருக்க வேண்டும். கேப்புகளில் பெரும்பாலானவை அன்றைக்கே நிரம்பிவிடும் சந்தையில் இத்தனையும் ஒரு வாரத்துக்குள் சேர்ந்து அமைவது கஷ்டம்.

---

திருப்பூர்_சரவணன்

அபூர்வம்னு எல்லாரும் சொல்றீங்க, எனக்குப் புரியல. நான் வெச்சிருக்கிற ஒரு டெக்ஸ்டைல் ஸ்மால் கேப்ல மாசத்துக்கு ஒரு ஐலண்ட் வருது. மேலேயும் வருது, கீழேயும் வருது. போன தடவை மேல ஐலண்ட் வந்ததும் வித்துட்டேன், அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கு. அந்தப் பங்கைத் திரும்ப எடுக்கலாமா?

---

நிதானம்

சரவணன் அண்ணா, எடுக்கலாமா வேண்டாமா என்று சார்ட்டை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐலண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பங்குக்கு ஐந்து சதவீத பேண்ட், அதாவது ஒரு நாளில் விலை அசையக்கூடிய எல்லை, இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பாருங்கள். பேண்ட் உள்ள பங்கு அப்பர் சர்க்யூட்டில் திறந்து அங்கேயே பூட்டிக்கொண்டால் அன்றைய கேண்டில் ஒரே விலையில் வெறும் கோடாக இருக்கும். மறுநாள் லோயர் சர்க்யூட்டில் திறந்தால் நடுவில் கேப் தானாக வந்துவிடும். அந்த இடைவெளியில் வாங்க விற்க ஆள் இருந்தார்களா இல்லையா என்பதைச் சந்தை சோதித்துப் பார்க்கவே இல்லை, விதிதான் தடுத்தது. பேண்ட் இல்லாத பங்கிலும் ஒரு நாளைக்குச் சில நூறு பங்குகள்தான் கைமாறுகிறது என்றால் ஒரே ஒரு ஆர்டர் கேப்பை உண்டாக்கிவிடும்.

இன்னொன்று, போனஸும் ஸ்ப்ளிட்டும் சரிசெய்யப்படாத டேட்டா. ஒன்றுக்கு ஒன்று போனஸ் தேதியில் விலை பாதியாகும், சார்ட்டில் மாபெரும் கேப் டவுன் தெரியும். அதற்கு முன்னால் எப்போதோ ஒரு கேப் அப் இருந்துவிட்டால் ஸ்கேனர் அதை ஐலண்ட் என்று பட்டியலில் போட்டுவிடும்.

---

சார்ட்பித்தன்

சரி, ஜூன் 4 விட்டுடலாம். ரெண்டாவது கேப் இல்லைங்கறது நியாயம்தான். ஆனா மார்ச் 13 பத்தி யாருமே பேசலையே? அது கீ ரிவர்சல்தானே?

---

அகல்யா_டேட்டா

எந்த விதிப்படி என்பதைப் பொறுத்தது. 2020 மார்ச் 12 அன்று நிஃப்டி உச்சம் ஏறத்தாழ 10,040, தாழ்வு 9,508, முடிவு 9,590. மறுநாள் காலை 10% விழுந்து 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. அன்றைய தாழ்வு 8,555. பிறகு 10,159 வரை போய் 9,955-இல் முடிந்தது. புதிய தாழ்வு உண்டு, முந்தின நாள் குளோசிங்குக்கு மேல் முடிவும் உண்டு. தளர்வான விதிப்படி கச்சிதமான கீ ரிவர்சல். கண்டிப்பான விதி முந்தின நாளின் *உச்சத்துக்கு* மேல் முடிய வேண்டும் என்கிறது. 9,955 அதற்கு 85 பாயின்ட் குறைவு. ஆக, அந்த விதிப்படி இல்லை.

பித்தன் 'பத்து நாளில் பாட்டம்' என்கிறார். அந்தப் பத்து நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மார்ச் 16 அன்று நிஃப்டி 7.6% விழுந்து 9,197. புதன்கிழமை 18 அன்று 8,407 வரை போய் அந்த 8,555 உடைந்தது. மார்ச் 24 தாழ்வு 7,511. மார்ச் 13 மாலை ஒரு லாட் வாங்கி அன்றைய தாழ்வுக்குக் கீழே ஸ்டாப் வைத்தவருக்கு 1,400 பாயின்ட் ரிஸ்க். அப்போது லாட் 75, அதாவது லாட்டுக்கு ₹1,05,000. மூன்றாவது வர்த்தக நாளில் அந்த ஸ்டாப் அடிபட்டது. பாட்டம் பக்கத்தில் வந்த எல்லாவற்றையும் பாட்டத்தின் அறிகுறி என்று எழுதிக்கொண்டால் எந்தப் பேட்டர்னும் தோற்காது.

டாப் பக்கத்துக்கு நான் சோதிக்கும் வரிகள் இவை. டிரேடிங்வியூவில் அப்படியே போடலாம்:

```
//@version=5
indicator("Key Reversal", overlay=true)
newHigh = high > ta.highest(high[1], 20)
loose  = newHigh and close < close[1]
strict = newHigh and open > high[1] and close < low[1]
plotshape(loose, title="loose", location=location.abovebar, color=color.orange)
plotshape(strict, title="strict", location=location.abovebar, color=color.red)
```

`loose` ஓடவிட்டால் ஏறும் சந்தையில் அடிக்கடி விளக்கு எரியும். 20 நாள் உச்சத்தைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் சிவப்பில் முடிவது சாதாரண சங்கதி. `strict` ஓடவிட்டால் சார்ட் கிட்டத்தட்டக் காலியாகிவிடும். எனவே 'கீ ரிவர்சல் அபூர்வம்' என்பதில் பாதி நாம் எழுதும் விதியின் விளைவு. சந்தை அதைத் தானாகத் தீர்மானிப்பதில்லை.

---

வால்யூம்_வாசு

விலையை மட்டும் பார்த்தா இப்படித்தான் ஆகும். கீ ரிவர்சல்ல வால்யூம் வெடிக்கணும், அதுதான் உயிர். வால்யூம் ரெண்டு மடங்கு இல்லைன்னா நான் அந்த கேண்டிலைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டேன்.

---

அகல்யா_டேட்டா

தனிப் பங்குக்குச் சரி. நிஃப்டி என்பது ஒரு கணக்கீடு, அதற்கு என்று சொந்த வால்யூம் கிடையாது. நீங்கள் பார்ப்பது ஐம்பது பங்குகளின் கூட்டுத்தொகை அல்லது ஃப்யூச்சர் வால்யூம். அது எக்ஸ்பைரி சமயத்தில் ரோல்ஓவரால் வீங்கும், இண்டெக்ஸ் ஃபண்டுகள் மறுசீரமைப்பு செய்யும் நாளிலும் வீங்கும். அந்த நாட்களைக் கழிக்காமல் 'இரண்டு மடங்கு' என்று வைத்தால் காலண்டரைத்தான் அளப்பீர்கள்.

---

வால்யூம்_வாசு

எக்ஸ்பைரியை எக்ஸ்பைரியோட ஒப்பிடலாமே, அது ஒரு பெரிய வேலையா? போன மாச எக்ஸ்பைரி வால்யூமை எடுத்து வெச்சுக்கிட்டா முடிஞ்சது. வால்யூமே வேண்டாம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

---

கவின்_ஈரோடு

நிதானம் சார், சரியான ஐலண்ட் ஒன்று காட்டுங்களேன். இரண்டு கேப்பும் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன ஆனது என்றும் தெரிய வேண்டும்.

---

நிதானம்

2020 ஜூன், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500. டெய்லி சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜூன் 4 உச்சம் 3,129 அளவில். ஜூன் 5 வெள்ளிக்கிழமை, சந்தை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மே மாத வேலைவாய்ப்பு அறிக்கை வந்தது. லட்சக்கணக்கில் வேலை பறிபோகும் என்று எதிர்பார்த்தார்கள், 25 லட்சம் வேலை கூடியிருந்தது. அன்றைய தாழ்வே ஏறத்தாழ 3,164. 35 பாயின்ட் கேப். ஜூன் 8 உச்சம் 3,233. ஜூன் 10 வரை நான்கு நாளும் விலை அந்தக் கேப்புக்குள் இறங்கவே இல்லை. ஜூன் 10 தாழ்வு 3,181. அன்று மதியம் பெடரல் ரிசர்வ் அறிவிப்பு வந்தது, சந்தை திறந்திருந்ததால் கேப் எதுவும் உண்டாகவில்லை. அன்றிரவு கொரோனா மறுபடி பரவும் பயம் பிடித்தது. ஜூன் 11 காலை 3,124-க்குப் பக்கத்தில் திறந்தது. அதுவே அன்றைய உச்சம். 3,002-இல் முடிந்தது, ஒரே நாளில் 5.9%.

முதல் கேப் 3,129 முதல் 3,164 வரை. இரண்டாவது 3,124 முதல் 3,181 வரை. முதலாவது முழுக்க இரண்டாவதுக்குள் அடங்குகிறது. அந்த நான்கு நாள் வாங்கியவர் ஒருவர் விடாமல் ஒரே ராத்திரியில் நஷ்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். பேட்டர்னுக்குப் பலம் என்று சொல்வது இதைத்தான்: மேலே சிக்கியவர்கள் வெளியேற அவசரப்படுவார்கள், அந்த விற்பனை விலையை இன்னும் தள்ளும்.

ஆனால் அடுத்து நடந்தது வேறு. ஜூன் 15 தாழ்வு 2,966. மறுநாளே 3,153 வரை எழுந்து கேப்புக்குள் நுழைந்தது. ஜூலை நடுவில் 3,233 தாண்டியது. ஆகஸ்ட் 18 அன்று பிப்ரவரி உச்சத்தையும் தாண்டிப் புதிய சாதனை முடிவு. இலக்கண சுத்தமான ஐலண்ட், ஆயுள் மூன்று வர்த்தக நாள்.

---

சார்ட்பித்தன்

3,124-ல இருந்து 2,966 வரைக்கும் 158 பாயின்ட் கொடுத்திருக்கே சார்! 3,164-க்கு மேல ஸ்டாப் வெச்சா ரிஸ்க் வெறும் 40. ஒண்ணுக்கு நாலு. இதைத் தோல்வின்னு எப்படிச் சொல்றீங்க?

---

நிதானம்

அந்த 3,124-இல் ஷார்ட் போகும்போது அது ஐலண்ட் என்று உங்களுக்குத் தெரியாது, பித்தன். காலை ஒன்பதரைக்குத் தெரிவது ஒரு கேப் டவுன் மட்டும்தான். பதினொரு மணிக்கு விலை 3,181 வரை ஏறியிருந்தால் கேப்பே இருந்திருக்காது, ஐலண்ட் என்ற பேச்சும் வந்திருக்காது. கேப் நின்றதா என்பது மாலையில் மணி அடித்த பிறகுதான் உறுதி. உறுதியான பிறகு போனால் 3,002-இல் ஷார்ட், 3,164-இல் ஸ்டாப், ரிஸ்க் 162. கிடைத்த அதிகபட்சம் 36. உங்கள் 'ஒன்றுக்கு நாலு' தலைகீழாகிவிட்டது.

திறப்பிலேயே போவது தவறில்லை. ஆனால் அப்போது நீங்கள் விளையாடுவது கேப் டவுன் ஆட்டம். நிரம்பிப்போன கேப்புகளில் வரும் நஷ்டத்தையும் அதே கணக்கில் எழுத வேண்டும். அவற்றை விட்டுவிட்டு, கடைசியில் ஐலண்டாக முடிந்தவற்றை மட்டும் எடுத்துத் திறப்பு விலையில் லாபம் போட்டுக் காட்டுவதுதான் வகுப்புகளில் நடக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, பணம் போடுகிறவர்கள் புதியவர்கள்.

மார்ச் 13 கணக்கிலும் இதே குணம்தான். அறிகுறி எவ்வளவு பிரமாதமாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஸ்டாப் தள்ளிப்போகும். 1,600 பாயின்ட் நீள கேண்டிலுக்கு 1,400 பாயின்ட் ஸ்டாப். அளவைக் குறைக்காமல் அதே லாட் போட்டால் ஒரு தோல்வி பல மாத லாபத்தைத் தின்றுவிடும்.

---

அகல்யா_டேட்டா

ஒன்று சேர்க்கிறேன். நிதானம் சொன்ன அந்த ஐலண்ட் அமெரிக்கப் பகல்நேரச் சார்ட்டில்தான் இருக்கிறது. எஸ் அண்ட் பி ஃப்யூச்சர் இரவிலும் ஓடுகிறது. ஜூன் 10 இரவு விலை அந்த 57 பாயின்டையும் படிப்படியாகத்தான் கடந்தது, 23 மணி நேரச் சார்ட்டில் தீவே இல்லை. நமக்கும் அதே கதை. கிஃப்ட் நிஃப்டி நாளின் பெரும்பகுதி நேரம் ஓடுகிறது. நிஃப்டியில் தெரியும் கேப் அங்கே பெரும்பாலும் தெரியாது. கிரிப்டோவில் மூடும் நேரமே கிடையாது, அங்கே யாராவது ஐலண்ட் காட்டினால் டேட்டா விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய இண்டெக்ஸ் டேட்டாவில் நேர்மாறான சிக்கல். திறக்கும் நொடியில் எல்லாப் பங்கும் வர்த்தகம் ஆகியிருக்காது. ஆகாதவற்றுக்கு முந்தின நாள் விலையையே வைத்து இண்டெக்ஸ் கணக்காகும். அதனால் உண்மையில் கேப் இருந்த நாளிலும் சார்ட்டில் கேப் மறைந்துவிடும். நம் ஊரில் 2010 அக்டோபரில் ப்ரீ ஓப்பன் வந்த பிறகுதான் திறப்பு விலை நம்பும்படி ஆனது. அதற்கு முந்தைய ஐலண்ட் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

---

சார்ட்பித்தன்

அப்ப ரெண்டு பேரும் சொல்றதைச் சேர்த்தா, இது உபயோகமே இல்லாத பேட்டர்ன்னு ஆகுது. அதை நான் ஏத்துக்க மாட்டேன். இத்தனை நிபந்தனை ஒண்ணா சேருதுன்னா ஏதோ பெருசா மாறியிருக்குன்னுதானே அர்த்தம்?

---

அகல்யா_டேட்டா

உபயோகமில்லை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கண்டிப்பான விதியில் நிஃப்டியில் கிடைப்பது விரல்விட்டு எண்ணும் அளவு. அதில் ஒன்று கூடக் குறைய ஜெயித்தால் சதவீதம் தலைகீழாக மாறும். 'வேலை செய்கிறது' என்று நிரூபிக்கவும் அது போதாது, 'செய்யவில்லை' என்று நிரூபிக்கவும் போதாது. எண்ணிக்கையைக் கூட்ட விதியைத் தளர்த்தினால் நாம் சோதிப்பது வேறொன்றாகிவிடும்.

---

நிதானம்

இங்கே அகல்யாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். நிஃப்டி ஒன்றில் எண்ணினால் போதாதுதான். ஃப்யூச்சர் உள்ள, தினசரி பேண்ட் பூட்டு விழாத பெரிய பங்குகள் அத்தனையிலும் எண்ணினால் மாதிரிகள் சேரும். காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் சந்தை மூடிய பிறகு வருவதால் அங்கே உண்மையான கேப்புகள் உண்டு.

---

அகல்யா_டேட்டா

அவற்றில் பாதி ஒரே நாளில் சேர்ந்து வரும். ஜூன் 11 மாதிரி ஒரு நாளில் நூறு பங்குகள் ஐலண்ட் காட்டினால் அது நூறு மாதிரி இல்லை, ஒன்றுதான். தேதி வாரியாகச் சேர்த்து எண்ணிப் பாருங்கள், மறுபடி சுருங்கிவிடும்.

---

நிதானம்

இண்டெக்ஸ் அசைவைக் கழித்துவிட்டு, அந்தப் பங்குக்கே உரிய கேப்பை மட்டும் எடுத்தால்?

---

அகல்யா_டேட்டா

அதைச் செய்து பார்க்கலாம். ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதில் பீட்டா, அதாவது இண்டெக்ஸ் அசைந்தால் பங்கு எவ்வளவு அசையும் என்ற அளவு, வந்து நிற்கும். அதை எத்தனை நாளுக்குக் கணக்கிடுவது என்று இன்னொரு சண்டை.

---

கவின்_ஈரோடு

நன்றி. ஒன்று மட்டும் விட்டுப்போனது. தீவின் நடு நாட்களில் ஒரு நாள் விலை முதல் கேப்புக்குள் பாதி வரை இறங்கி, முழுக்க நிரப்பாமல் திரும்பிவிட்டால்? மிச்சமுள்ள பாதி கேப்பை வைத்து ஐலண்ட் என்று எண்ணலாமா?

---

நிதானம்

நான் எண்ணுவேன். மிச்ச இடைவெளி பழைய உச்சத்துக்கும் தீவின் மிகத் தாழ்ந்த விலைக்கும் நடுவே இருக்கிறது. இரண்டாவது கேப் அதே இடத்தைத் தாண்டினால், சிக்கிக்கொண்டவர்கள் எல்லாரும் சிக்கியவர்கள்தான்.

---

வால்யூம்_வாசு

நான் எண்ண மாட்டேன். பாதி இறங்கிடுச்சுன்னா அங்கே வாங்கினவங்க இருக்காங்க. அந்த வால்யூம் பதிவாயிருக்கு, அப்புறம் அது எப்படி தீவு ஆகும்?